24 ரூபாயும் 24 லட்சமும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த வேலை தேடும் இளைஞர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் புது தில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று ரயில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எந்த நடைமேடைக்கு எத்தனை வண்டி வந்தது, எத்தனை போனது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று கணக்கெடுப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம். டிக்கெட் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், எழுத்தர் ஆகிய பணிகளுக்கு அதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ரயில்வேயில் அப்படி ஒரு பயிற்சியே இல்லை. 

அந்த ஆண்டு டிசம்பரில் செய்தி வெளியானபோது பலர் சிரித்தார்கள். "பட்டப்படிப்பு படித்தவன் ஒரு மாதம் நின்று ரயில் எண்ணுவானா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் பொறியியலோ தொழிற்கல்வியோ படித்தவர்கள். அவர்கள் கட்டிய மொத்தத் தொகை 2 கோடியே 67 லட்சம் ரூபாய். 2 லட்சம் கொடுத்தவரும் உண்டு, 24 லட்சம் கொடுத்தவரும் உண்டு. அவ்வளவு பணம் கொடுத்த பிறகு, எண்ணச் சொன்னால் நானும் எண்ணுவேன், நீங்களும் எண்ணுவீர்கள். ஏமாற்றின் பொறியே அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த ஒரு வழக்கை நாம் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

இது தொடங்கியது ஓர் அறிமுகத்தில். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 78 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், தன் ஊர்ப்பக்கத்துப் பையன்களுக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று நினைப்பவர். தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கும் குடியிருப்பில் அவருக்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அறிமுகமாகிறார். "எம்.பி.க்கள், அமைச்சர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும், வேலையில்லாத பிள்ளைகள் இருந்தால் அழைத்து வாருங்கள்" என்கிறார். முதலில் மூன்று பேர் போகிறார்கள். சேதி பரவுகிறது. இன்னும் 25 பேர் சேர்கிறார்கள். பெரியவருக்குத் தான் எதற்குத் துணைபோகிறோம் என்று தெரியாது. உண்மை தெரிந்ததும் தில்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தவரும் அவர்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த மூன்று, இருபத்தைந்து என்ற கணக்கு. முதல் மூன்று பேர் நம்பியது அந்தக் கோயம்புத்தூர்க்காரரை. பின்னால் போன 25 பேர் நம்பியது அந்த மூன்று பேரை. நம் ஊரில் "பக்கத்து ஊர்ப் பையன் போய்ட்டான், நம்ம சம்பந்தி மகனுக்கு ஆர்டரே வந்துடுச்சு" என்று சொல்கிறோமே, அதே சாட்சி. முன்னால் போனவன் வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்கிவிட்டானா என்று அந்தச் சாட்சியை யாரும் கேட்பதில்லை. ஆர்டர் வந்ததையே வேலை கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம். உங்களிடம் யாராவது அப்படி வந்து சொன்னால், அந்தப் பையனின் மூன்றாவது மாதச் சம்பளம் வங்கியில் ஏறிய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மாதம் ஏமாற்றுக்காரனே போடுவதுண்டு. அடுத்த ஆட்களைப் பிடிக்க அவன் செய்யும் முதலீடு அது.

தில்லிக்குப் போன பிறகு நடந்தது இன்னும் நுணுக்கமானது. பையன்களை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். எங்கே? கன்னாட் பிளேசில் உள்ள ரயில்வே மத்திய மருத்துவமனைக்கு. அது உண்மையான மருத்துவமனை. பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு. அது சங்கர் மார்க்கெட்டில் உள்ள வடக்கு ரயில்வே இளநிலைப் பொறியாளர் அலுவலகத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். அதுவும் உண்மையான இடம். பயிற்சி நடந்த ரயில் நிலையமும் உண்மை. கையில் பயிற்சி ஆணை, அடையாள அட்டை, பயிற்சி முடித்த சான்றிதழ், கடைசியில் பணி நியமன ஆணை. இந்தக் காகிதங்கள் மட்டும்தான் பொய். மெய்யான கட்டடங்களுக்கு நடுவே பொய்யான காகிதத்தை வைத்துவிட்டால், கட்டடத்தின் நம்பகம் காகிதத்துக்கும் வந்துவிடுகிறது.

பணம் வாங்கியவர் மட்டும் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருந்தார். பணத்தை எப்போதும் வெளியில் வைத்தே வாங்கினார். பணம் வாங்க எந்த ரயில்வே கட்டடத்துக்குள்ளும் அவர்களை அழைத்துப் போனதில்லை என்று சொல்லப்படுகிறது. இந்த ஒரு வரியை மனதில் வையுங்கள். அலுவலக வாசலில், டீக்கடையில், நிறுத்திய காரில் நடக்கும் பணப் பரிமாற்றம் எந்த ஆள்சேர்ப்பின் பகுதியும் இல்லை. இன்றைக்கு டீக்கடைக்குப் பதில் ஜிபே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ரயில்வேயில் உண்மையில் ஆள் எடுப்பது எப்படி? இதைத் தெரிந்துகொண்டால் போலியைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் வேலையெல்லாம் தேவைப்படாது. எழுத்தர், டிக்கெட் பணிகளுக்கு ரயில்வே தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிடும். நமக்குச் சென்னை வாரியம். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். கணினி வழித் தேர்வை எழுதினால் அதில் 400 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 250 ரூபாய். தேர்வெழுதினால், வங்கிக் கட்டணம் போக, அது முழுவதுமே திரும்ப வரும். தேர்வுகள் முடிந்து, தரவரிசையில் இடம் கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அழைப்பு வந்தால், பரிசோதனைக்குக் கட்ட வேண்டியது 24 ரூபாய். ஆமாம், இருபத்து நான்கு ரூபாய். அந்த 28 பேரில் ஒருவர் கொடுத்தது 24 லட்சம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். "வேலைக்குக் கட்டணம் கேட்டாலே மோசடி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அரசுத் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், குரூப் 4 தேர்வுக்கு 100 ரூபாய். இதைக் கட்டிப் பழகிய பிள்ளையிடம் போய் "பணம் கேட்டால் நம்பாதே" என்றால், "டி.என்.பி.எஸ்.சி.யே கேட்குதே" என்று அவன் திருப்பிக் கேட்பான். அவன் கேட்பது நியாயம்தான். மோசடிக்காரன் "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்" என்று பெயர் வைப்பதே அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்காரத்தான்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? பணம் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம். உண்மையான கட்டணத்தின் பெரும்பகுதி தேர்வுக்கு முன்பே வந்துவிடும். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே தொகை. அறிவிக்கையிலேயே அச்சாகியிருக்கும். கட்டியதால் வேலை உறுதி என்று எங்கும் எழுதியிருக்காது. போலியில் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் "நீங்கள் தேர்வு செய்யப்பட்டுவிட்டீர்கள்" என்று வாழ்த்து வரும். பணம் கேட்பது பிறகுதான் வரும். தேர்வான ஆளிடம் பணம் கேட்டால் அது மோசடி. தொகை 24 ரூபாயைத் தாண்டியதும் சந்தேகப்படுங்கள் என்று வேண்டுமானால் வேடிக்கையாக வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி எப்படிப் பிடிப்பார்? ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிடிப்பார். வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவன் கையிலிருந்துதான் பணம் புறப்படும். எறையூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பிய எந்த விவசாயிக்கும் இது தெரியும். அதே விவசாயிதான் மகனுக்குக் கம்பெனி வேலை என்றதும் காணியை அடமானம் வைத்துப் பணத்தை எதிர்த் திசையில் அனுப்புகிறார்.

"பயிற்சிக் கட்டணம்" என்று ஒன்று கேட்கிறார்களே, அதற்கும் இதே அளவுகோல்தான். தொழிற்பழகுநர் சட்டம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களும் தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாகச் சேர்வது அதன் கீழ்தான். பழகுநருக்கு நிறுவனம் மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும் என்பது அதன் விதி. 2019இல் திருத்திய விதிகள் குறைந்தபட்சத் தொகையைப் படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, பெரம்பலூர் நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலையில் சட்டப்படி பழகுநராகச் சேரும் பையன் முதல் மாதமே பணம் வாங்குகிறான். "எங்கள் கம்பெனியில் பயிற்சி, அதற்கு நீ 35,000 கட்டு" என்று ஒருவர் சொன்னால் அவர் இந்தச் சட்டத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறார்.

இதில் ஒரு சிக்கலான இடம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. உண்மையிலேயே பாடம் சொல்லித்தரும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அவை கட்டணம் வாங்கும். அது படிப்புக்கான கட்டணம், அதில் தவறில்லை. தொல்லை எங்கே வருகிறதென்றால், பள்ளிக்கூடமும் முதலாளியும் ஒரே ஆளாக வந்து நிற்கும்போது. சென்னை, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி என்ற பெயரில் இது நடக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "பயிற்சியும் நாங்களே, வேலையும் நாங்களே" என்பார்கள். சில மாதம் உட்காரவைத்து, ஒன்றிரண்டு மாதம் சம்பளம்போல எதையோ கொடுத்து, "திட்டம் எதுவும் வரவில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். பையன் வாங்கிய சம்பளம் அவன் கட்டிய பணம்தான். இதைப் பிடிப்பது கடினம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "பயிற்சிக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறீர்களா?" உண்மையில் ஆள் தேவைப்படும் நிறுவனம் அதைப் பற்றிப் பேசவாவது செய்யும்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். "பத்தாம் வகுப்பு போதும், விமான நிலையத்தில் தரைப் பணி, மாதம் 45,000, தங்குமிடம், சாப்பாடு இலவசம்." திருச்சி விமான நிலையத்தில் புதிய முனையம் 2024இல் திறக்கப்பட்டது. நமக்கு ஒன்றரை மணி நேரத் தூரம். அதனால் இப்படி ஒரு விளம்பரம் நம்மூர்க் கைப்பேசிக்கு வந்தால் நம்புவதற்குத் தோதாக இருக்கும். விமான நிறுவனங்களே தங்கள் தளங்களில் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று எச்சரிக்கை போட்டிருக்கின்றன. அதை விடுங்கள், கணக்கு மட்டும் பார்ப்போம்.

2022 குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். ஒரு இடத்துக்கு ஏறத்தாழ 300 பேர். அதில் ஜெயித்து இளநிலை உதவியாளராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்ந்து கூடும், ஆனாலும் தொடக்கம் அதுதான். 300 பேரைத் தாண்டி வந்தவருக்கு இந்தச் சம்பளம் என்றால், ஒருவரையும் தாண்டாமல், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியதற்கு 45,000 ஏன் தருகிறார்கள்? அதிகச் சம்பளம் எங்கோ இருக்கத்தான் செய்யும். அங்கே கடினமான தேர்வு இருக்கும், அல்லது அரிதான திறமை கேட்பார்கள், அல்லது வேலை உயிருக்கு ஆபத்தானதாக இருக்கும். இந்த மூன்றில் எதுவும் இல்லாமல் சம்பளம் மட்டும் உயர்ந்திருந்தால், கேட்கப்போகும் கட்டணத்தைச் சிறியதாகக் காட்டத்தான் அந்த எண்ணை அங்கே வைத்திருக்கிறார்கள். 45,000 சம்பளத்துக்கு முன்னால் 2,500 கட்டணம் தூசு. 12,000 சம்பளம் என்று சொல்லியிருந்தால் அதே 2,500 உறுத்தியிருக்கும்.

அப்படி ஒரு கட்டணத்தில் தொடங்கி நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும், வரிசை மாறுவதே இல்லை. முதலில் "தேர்வாகிவிட்டீர்கள்" என்ற வாழ்த்தோடு பதிவுக் கட்டணம். கட்டியதும் பத்து நிமிடத்தில் பொம்மை நேர்காணல் ஒன்று, பெரும்பாலும் போனிலேயே. அன்று மாலை ஆஃபர் லெட்டர். அதன்பின் சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு தொகை. அடுத்து காவல்துறை சரிபார்ப்புக்கு. அதற்கடுத்து லேப்டாப்புக்கு டெபாசிட், "முதல் மாதச் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும்." இந்தத் திரும்பக் கிடைக்கும் பணம்தான் மனிதனைக் கட்டிப்போடுகிறது. நான்காவது தொகையைக் கட்ட மறுத்தால் முதல் மூன்றும் போய்விடுமே என்று அவன் கட்டுகிறான். தில்லியில் ஒரு மாதம் ரயில் எண்ண வைத்ததும் இதே கயிறுதான். அங்கே நின்றவர்கள் மனதில், எண்ணாமல் போனால் கட்டிய லட்சங்கள் போய்விடும் என்ற கணக்கு ஓடியிருக்காதா?

அந்த ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பார்க்கலாம்? முத்திரையையும் சின்னத்தையும் பார்க்காதீர்கள், அவற்றை யாரும் ஒட்டலாம். சம்பள விவரத்தைப் பாருங்கள். உண்மையான கடிதத்தில் சம்பளம் பிய்த்துப் பிய்த்து எழுதப்பட்டிருக்கும்: அடிப்படை இவ்வளவு, வீட்டு வாடகைப்படி இவ்வளவு, அதிலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடித்தம், மாத ஊதியம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்தம். உண்மையான முதலாளி எவ்வளவு பிடிப்பேன் என்பதையும் எழுதுவார். போலிக் கடிதத்தில் உருண்டையாக ஒரு தொகை இருக்கும், பிடித்தமே இருக்காது. கீழே "48 மணி நேரத்துக்குள் கட்டவும்" என்று மட்டும் தெளிவாக இருக்கும்.

அடுத்து, கம்பெனியின் பதிவு எண். தனியார் கம்பெனிகளுக்கு 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் உண்டு. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து எண்கள், பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, நமக்கு TN. அதற்கு அடுத்த நான்கு எண்கள் கம்பெனி தொடங்கிய ஆண்டு. "25 ஆண்டு அனுபவம் வாய்ந்த நிறுவனம்" என்று கடிதம் சொல்லும், எண்ணில் 2024 என்று இருக்கும். எண்ணே இல்லையென்றால் கேளுங்கள். கிடைத்தால் mca.gov.in தளத்தில் தட்டிப் பாருங்கள், பெயரும் முகவரியும் இலவசமாகவே தெரியும். ஆனால் பதிவு இருப்பதால் நல்ல கம்பெனி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோசடி செய்வதற்கென்றே கம்பெனி பதிவு செய்பவர்களும் உண்டு. அந்தப் பெயரில் அப்படி ஒரு கம்பெனி இல்லை என்பதைத்தான் இந்தச் சோதனை உறுதியாகச் சொல்லும். நேர்மையாளன் யார் என்று அதற்குத் தெரியாது.

இணைய முகவரியில் ஒரு தந்திரம் உண்டு. பெரும்பாலான அரசுத் தளங்கள் gov.in என்று முடியும், அந்த முடிவு தனியாருக்குக் கிடைக்காது. அதனால் மோசடிக்காரன் அதை நடுவில் செருகுவான்: tn.gov.in.example.com என்பதுபோல. அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணில் tn.gov.in மட்டும் படும். https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ அதுதான் உரிமையாளர் பெயர். இந்த எடுத்துக்காட்டில் அது example.com, அரசு இல்லை.

பணம் அனுப்பும் நொடியில் இன்னொரு சோதனை தானாகவே நடக்கிறது. யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையில் வரும். கம்பெனிக்குக் கட்டுகிறோம் என்று நினைத்திருக்கையில் அங்கே ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "எங்கள் கணக்காளர் பெயர்" என்பார்கள். கணக்காளர் பெயரில் கட்டணம் வாங்கும் கம்பெனி எதுவும் கிடையாது.

வெளிநாட்டு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் போய் வராத வீடு குறைவு. அங்கே நியாயமான முகவர் கட்டணம் உண்டு, சட்டம் அதை அனுமதிக்கிறது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். விசாவுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நம் ஊரில் சாதாரணமாகப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சே சட்டத்துக்கு வெளியில்தான் நடக்கிறது. பலர் அப்படிக் கொடுத்துப் போய் நன்றாகவும் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். தவறான வழியில் போனவன் பிழைத்துக்கொண்டதால், அடுத்தவனுக்கு அதுவே வழியாகிவிடுகிறது.

இதன் மறுபக்கம் 2022இலேயே தெரிந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, பெரிய சம்பளம் என்று போன இந்தியர்கள், மியான்மர் எல்லையில் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். அவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். இவர்கள் விஷயத்தில் இழப்பு கட்டணத்தோடு நிற்கவில்லை. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் விமானம் ஏறாதீர்கள். வேலை விசா இல்லாமல் போகிறவர் அந்த நாட்டின் சட்டத்தில் குற்றவாளியாகிவிடுகிறார், புகார் கொடுக்கவும் வாய் இருக்காது.

வாய் இருக்காது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இங்கே இருக்கும் பெற்றோருக்கு அது கசக்கலாம். தில்லி வழக்கில் பணம் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள்? தேர்வு எழுதாமல் ரயில்வே வேலை வாங்க. ஏமாந்தது உண்மை, போன வழி கொல்லைப்புறம் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த வகை மோசடிகளில் பலர் புகாரே கொடுப்பதில்லை. "நீ ஏன் கொடுத்தாய்?" என்று போலீஸ் கேட்குமே என்ற பயம், ஊரில் தெரிந்தால் அவமானம். மோசடிக்காரன் இந்தப் பயத்தைக் கணக்கில் வைத்துத்தான் தொழில் செய்கிறான். ஆனால் தில்லியில் என்ன நடந்தது? பணம் கொடுத்தவர்கள் பக்கம் நின்று ஒரு பெரியவர் புகார் கொடுத்தார், வழக்குப் பதிவானது. ஏமாற்றி வாங்கியவன் மேல் மோசடி வழக்குப் போட முடியும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 420, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு.

நம் இரண்டு மாவட்டத்திலும் காத்திருப்பு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை, பல ஆண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தரும் நிலை வந்தது. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது, காலணி ஆலை வந்தது. ஒரு ஆலை வருகிறது என்ற செய்தி வந்த மறுநாளே அதன் பெயரில் "உடனடி ஆள் எடுப்பு, முன்பதிவு 1,000 ரூபாய்" என்று ஒருவன் எழுதிவிட முடியும். ஆலை உண்மை என்பதால் அவன் பேச்சும் உண்மைபோல் ஒலிக்கும். அப்போது செய்ய வேண்டியது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய்க் கேட்பது. பெரம்பலூரிலும் இருக்கிறது, அரியலூரிலும் இருக்கிறது. அவர்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு அனுமதி இலவசம். அங்கே வரும் நிறுவனத்தின் மேலாளரை நேரில் பார்த்து, "எங்கள் ஊரில் உங்கள் பெயரில் ஒருவர் பணம் வாங்குகிறாரே" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், நேரம்தான் எல்லாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தொகை, நேரம், பரிவர்த்தனை எண், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் முதலில் விழுந்த கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்கி வைக்க முடியும். ஏமாற்றுக்காரன் அதை நான்கைந்து கணக்குகளுக்குப் பிரித்து ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் கிடைப்பது அரிது. அதனால் வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம். கோபத்தில் வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்த எண்ணை முடக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் 1930ஆல் பயனில்லை. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழை அவர்களிடம் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். பலர் பணம் போனதைவிடச் சான்றிதழ் மாட்டிக்கொண்டதால்தான் மேலும் மேலும் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து உங்களுக்கு ஒரு போன் வரலாம். "நாங்கள் சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விடுவிக்க 3,500 ரூபாய் செயலாக்கக் கட்டணம் கட்ட வேண்டும்" என்று. ஏமாந்தவர்களின் எண்கள் பட்டியலாகக் கைமாறுகின்றன. அதே கும்பலே இரண்டாவது முறை பேசுவதும் உண்டு. முடக்கப்பட்ட பணத்தை விடுவிக்கக் காவல்துறையோ வங்கியோ போனில் கட்டணம் கேட்பதில்லை. அந்த அழைப்பு வந்தால் எண்ணைக் குறித்து வைத்து, முதல் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.